நீக்கியது போதுமா, திருத்தமும் எழுத வேண்டுமா?

கேள்வி: கணக்கெடுப்பு என்று சொல்லிக்கொண்டு இரண்டு பெண்கள் வீடு வீடாக வந்து குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்று, படத்தோடு ஒரு செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் வந்தது. பதற்றத்தில் அதைக் குடும்பக் குழுவிலும் எங்கள் குடியிருப்புக் குழுவிலும் போட்டுவிட்டேன். மூன்று மணி நேரம் கழித்து ஒருவர் "இது போலி" என்றார். உடனே இரண்டு குழுக்களிலும் நீக்கிவிட்டேன். அதற்குள் பெரியப்பா அதை எடுத்து வேறு குழுக்களுக்கு அனுப்பியிருந்தார். மறுநாள் எங்கள் காவலாளி இரண்டு பெண்களை வாசலிலேயே நிறுத்தி, படம் எடுத்து, திருப்பி அனுப்பியிருக்கிறார். அவர்கள் உண்மையாகவே கணக்கெடுக்க வந்தவர்கள். "முன்பு அனுப்பிய செய்தி தவறாம், யாரும் நம்ப வேண்டாம், மன்னிக்கவும்" என்று எழுதி வைத்திருக்கிறேன். அனுப்பக் கை வரவில்லை. நீக்கியாகிவிட்டதே, இனி எழுதினால் மறந்தவர்களுக்கும் நினைவூட்டுவது போல ஆகாதா?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

எழுதத்தான் வேண்டும், இன்றே. ஆனால் நீங்கள் எழுதி வைத்திருக்கும் அந்த வரியை அல்ல. செய்திகளைச் சரிபார்த்துத் திருத்தம் வெளியிடுவதே என் வேலை என்பதால், அதில் என்ன குறை, எப்படி மாற்றலாம், யாரிடம் எந்த வரிசையில் கொண்டுபோகலாம் என்று சொல்கிறேன்.

உங்கள் தயக்கத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். வதந்தியை மறுக்கப்போய் அதையே இன்னொரு முறை சொன்னால் அது இன்னும் ஆழமாகப் பதிந்துவிடும் என்று ஆராய்ச்சியாளர்களே ஒரு காலத்தில் அஞ்சினார்கள். பின்னர் நடந்த பல சோதனைகளில் அந்த விளைவு பெரும்பாலும் தென்படவில்லை. தெளிவான மறுப்புக்குள் வதந்தியை ஒரு முறை குறிப்பிட்டால், ஏற்கெனவே அதைக் கேட்டவர்களிடம் நம்பிக்கை பொதுவாகக் குறைகிறது. அந்த அச்சம் பொருந்தும் இடம் வேறு: வதந்தியே போகாத இடத்துக்கு மறுப்பு போய்ச் சேருவது. அங்கே மறுப்பின் வழியாகத்தான் சிலர் முதன்முதலாக அதைக் கேள்விப்படுவார்கள். ஆகவே செய்தி எந்தெந்தக் குழுவுக்குப் போயிற்றோ அந்தந்தக் குழுவில் மட்டும் எழுதுங்கள். நல்லெண்ணத்தில் பள்ளித் தோழிகள் குழு, அலுவலகக் குழு என்று எல்லா இடத்திலும் போட வேண்டாம்.

மறதியை நம்புவதும் உங்கள் விஷயத்தில் பலிக்காது. செய்தி திரையிலிருந்து போன பிறகுதான் காவலாளி அந்த இரண்டு பெண்களை நிறுத்தியிருக்கிறார். படித்ததோ கேட்டதோ ஏற்கெனவே வாசலுக்கு வந்துவிட்டது.

"Delete for everyone" என்பதைத் தொட்டபோது என்ன நடந்தது என்பதைச் சரியாகத் தெரிந்துகொள்வது நல்லது. அந்தக் குழுவில் நீங்கள் இட்ட பிரதி மட்டும் போயிற்று. பெரியப்பா வேறு குழுக்களுக்கு அனுப்பியது அவருடைய செய்தி. உங்கள் நீக்கம் அதைத் தொடாது. படங்கள் தானாகச் சேமிக்கப்படும்படி வைத்திருப்பவர்களின் கைப்பேசியில், குழுவில் நீக்கிய பிறகும் அந்தப் படம் தங்கியிருக்கலாம். சிலரிடம் நீக்கம் நிறைவேறாமலே போகலாம். அப்படிப் போனால் உங்களுக்கு அறிவிப்பும் வராது. இந்த வசதி 2017-இல் வந்தபோது ஏழு நிமிடத்துக்குள் நீக்கினால்தான் உண்டு. 2022 முதல் ஏறக்குறைய இரண்டரை நாள் வரை அவகாசம் இருக்கிறது. பெரியப்பா விரும்பினால் அவரும் இன்னும் நீக்கலாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அவருக்கு அவகாசம் கடந்துவிட்டால், அந்தக் குழுக்களின் நிர்வாகி நீக்கிக் கொடுக்க முடியும்.

நீக்கியது தவறில்லை. நீங்கள் விட்டுவைத்திருந்தால், மாலையில் குழுவைத் திறந்த இன்னும் பத்துப் பேர் அதைப் பார்த்து வேறெங்காவது அனுப்பியிருப்பார்கள். ஆனால் நீக்கிய இடத்தில் ஒரு வெற்றிடம் நிற்கிறது: "This message was deleted." அதைப் பார்க்கிறவர்கள் தங்களுக்குத் தோன்றியபடி நிரப்பிக்கொள்கிறார்கள். படித்துவிட்டவர்களில் ஒருவர் "அவளுக்கு யாரோ அழுத்தம் கொடுத்து எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்பார். படிக்காதவர் "என்ன போட்டிருந்தாள்?" என்று பக்கத்து வீட்டில் கேட்பார், பக்கத்து வீட்டில் அதை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்வார்கள். "தவறு" என்ற சொல் அந்த வெற்றிடத்தில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது உங்கள் வரிக்கு வருவோம். "முன்பு அனுப்பிய செய்தி" என்கிறீர்கள். எந்தச் செய்தி? நீக்கிவிட்டதால் அதைச் சுட்டிக்காட்டிப் பதில் எழுதவும் முடியாது. நாளைக்குள் குழுவில் முப்பது செய்திகள் விழுந்துவிடும். தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யும் அறிவிப்பைத்தான் சொல்கிறீர்கள் என்றுகூட ஒருவர் நினைக்கலாம். பெரியப்பா இந்த வரியை அப்படியே தன் குழுக்களுக்கு அனுப்பினால் அங்கே யாருக்கும் ஒன்றும் புரியாது. "தவறாம்" என்பது இன்னும் பெரிய சிக்கல். வதந்தியும் "கடத்துகிறார்களாம்" என்றுதான் வந்தது. ஒரு "ஆம்"-ஐ இன்னொரு "ஆம்" வெல்லாது. இரண்டில் எது அச்சமூட்டுகிறதோ அதுவே நினைவில் நிற்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான குறை, அந்த வரி எதையோ எடுத்துவிட்டு அந்த இடத்தைக் காலியாக விடுகிறது என்பது. 1994-இல் ஜான்சன், சைஃபெர்ட் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை எங்கள் தொழிலில் அடிக்கடி பேசப்படுகிறது. ஒரு கிடங்கில் தீப்பிடித்தது பற்றிய செய்திகளை ஒவ்வொன்றாகப் படிக்கக் கொடுத்தார்கள். தொடக்கத்தில் வந்த ஒரு செய்தி, அங்கிருந்த ஒரு சிறு அறையில் எண்ணெய்ச் சாயமும் எரிவாயு உருளைகளும் இருந்தன என்றது. பிறகு வந்த செய்தி, அந்த அறை உண்மையில் காலியாக இருந்தது என்று திருத்தியது. படித்தவர்களுக்குத் திருத்தம் நன்றாக நினைவிருந்தது. ஆனாலும் "தீ ஏன் அவ்வளவு கடுமையாக எரிந்தது?" என்று கேட்டால் சாயத்தையும் எரிவாயுவையும் கொண்டே பலர் விளக்கம் சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு, தீ வைக்கப்பட்டதற்கான சான்று கிடைத்தது என்று மாற்றுக் காரணத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது அந்தப் பழைய விளக்கம் பெரிதும் குறைந்தது. மனம் ஒரு காரணத்தைக் கைவிட வேண்டுமானால் பதிலுக்கு இன்னொன்று வேண்டும்.

உங்கள் குடியிருப்பில் அந்த மாற்றுக் காரணம் கையிலேயே இருக்கிறது. இந்த வதந்தி ஏன் எல்லாருக்கும் பொருத்தமாகப் பட்டது என்று யோசியுங்கள். முன்பின் தெரியாத பெண்கள் பையும் காகிதமுமாக வீடு வீடாகப் போவதைச் சிலர் தங்கள் கண்ணாலேயே பார்த்திருப்பார்கள். அவர்கள் பார்த்தது உண்மை. அதற்குக் கிடைத்த விளக்கம்தான் பொய். "அவர்கள் கணக்கெடுப்பு ஊழியர்கள், அதனால்தான் வீடு வீடாக வருகிறார்கள்" என்று சொல்லும்போது பார்த்ததற்கு வேறு காரணம் கிடைத்துவிடுகிறது. வெறும் "நம்ப வேண்டாம்" அதைச் செய்யாது. "நான்தான் கண்ணால் பார்த்தேனே" என்று ஒருவர் சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது.

எழுதுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் திருத்தமும் இன்னொரு வதந்தி ஆகிவிடக் கூடாது. குழுவில் ஒருவர் "இது போலி" என்றார், நீங்கள் நீக்கினீர்கள். ஆனால் அவருக்கு எப்படித் தெரியும்? அவரிடமே கேளுங்கள். மூலச் செய்தியையும் தேடி எடுங்கள். உங்களுக்கு அனுப்பியவரின் உரையாடலில் அது பெரும்பாலும் இன்னும் இருக்கும். மறுபடி நிதானமாகப் படித்தால் அதற்குள் தனித்தனியே மூன்று கூற்றுகள் இருப்பது தெரியும்: கணக்கெடுப்பு என்பது பொய், குழந்தைகள் கடத்தப்பட்டிருக்கிறார்கள், படத்தில் இருப்பவர்கள்தான் அதைச் செய்தவர்கள். ஒவ்வொன்றையும் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

முதலாவதைக் கணக்கெடுப்பு நடத்தும் அலுவலகத்தில் கேட்கலாம். இந்தப் பகுதியில் கணக்கெடுப்பு நடக்கிறதா, எந்தத் தேதி வரை, ஊழியர்களிடம் என்ன அடையாள அட்டை இருக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவதைக் காவல் நிலையத்தில் கேட்கலாம்: இப்படிப்பட்ட புகார் ஏதும் வந்திருக்கிறதா? பொதுத் தொலைபேசி எண்ணில் கேளுங்கள். அந்த எண்ணையே திருத்தத்தில் போட முடியும். சந்தேகப்படுகிறவர் தானே அழைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். மூன்றாவது, படம். கூகுள் லென்ஸ் போன்ற படத் தேடலில் அதைக் கொடுத்துப் பாருங்கள். பழைய படம் என்றோ வேறு நிகழ்ச்சியில் எடுத்தது என்றோ தெரிந்தால் நல்லது. ஒன்றும் கிடைக்காமலும் போகலாம்; தேடலில் அகப்படவில்லை என்பது எதையும் நிரூபிக்காது. அப்போது "படத்தில் இருப்பவர்கள் யார் என்பதற்கு அந்தச் செய்தியில் எந்த ஆதாரமும் இல்லை" என்பதோடு நின்றுகொள்ள வேண்டும். "படத்தில் இருப்பவர்கள் கணக்கெடுப்பு ஊழியர்கள்தான்" என்று ஊகித்து எழுதிவிடாதீர்கள். உங்கள் வாசலுக்கு வந்த இருவரும் படத்தில் இருப்பவர்களும் ஒருவரேதானா என்பது உங்களுக்குத் தெரியாது. திருத்தத்தில் ஒரு சிறு பிழை இருந்தாலும், வதந்தியை நம்ப விரும்புகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு முழுத் திருத்தத்தையும் தள்ளிவிடுவார்.

இரண்டு தொலைபேசி அழைப்புகளும் ஒரு படத் தேடலும் நெடுநேரம் பிடிக்காது. இழுத்தால் காத்திருக்க வேண்டாம். "நான் இட்ட செய்திக்கு ஆதாரம் இல்லை, விசாரித்துக்கொண்டிருக்கிறேன், யாரும் மேலே அனுப்ப வேண்டாம், யாரையும் நிறுத்தவோ விரட்டவோ வேண்டாம்" என்று ஒரு இடைக்காலக் குறிப்பைப் போட்டுவிட்டு விசாரியுங்கள். எங்காவது கூட்டம் சேர்கிறது, யாரையோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் திருத்தம் எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. முதல் அழைப்பு காவல்துறைக்கு.

விசாரித்ததில் இரண்டு இடங்களிலும் தெளிவான பதில் கிடைத்தது, படத்தைப் பற்றி மட்டும் ஒன்றும் தெரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். குடியிருப்புக் குழுவுக்கு நான் எழுதித் தந்திருந்தால் இப்படி இருக்கும்:

> திருத்தம் (நாள், மாதம், ஆண்டு): நம் குடியிருப்புக்கு வீடு வீடாக வரும் பெண்கள் கணக்கெடுப்பு ஊழியர்கள். இன்று காலை கணக்கெடுப்பு அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்தேன்; இந்த மாத இறுதி வரை வருவார்கள், அடையாள அட்டை வைத்திருப்பார்கள்.
>
> "இரண்டு பெண்கள் குழந்தைகளைக் கடத்துகிறார்கள்" என்று நேற்று மதியம் இந்தக் குழுவில் படத்தோடு வந்த செய்தி தவறு. அதை இட்டது நான். அப்படி எந்தப் புகாரும் இன்று காலை வரை வரவில்லை என்று காவல் நிலையத்தில் சொன்னார்கள் (பொது எண்: …). படத்தில் இருப்பவர்கள் யார் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.
>
> படத்தைச் சேமித்திருந்தால் கைப்பேசியிலிருந்தும் அழித்துவிடுங்கள். வேறு யாருக்காவது அனுப்பியிருந்தால் இந்தத் திருத்தத்தையும் அவர்களுக்கு அனுப்புங்கள். சரிபார்க்காமல் அனுப்பியதற்கு வருந்துகிறேன்.
>
> (உங்கள் பெயர், வீட்டு எண்)

உண்மை முதல் வரியில் நிற்பதற்குக் காரணம் உண்டு. பலர் கைப்பேசியின் மேல் ஓரத்தில் தோன்றும் அறிவிப்பில் முதல் சில சொற்களை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தச் சில சொற்கள் "குழந்தைகளைக் கடத்துகிறார்கள் என்ற செய்தி…" என்று தொடங்கினால், அவர்களுக்குப் போய்ச் சேருவது வதந்திதான். அதே காரணத்தால் வதந்தியை ஒரே ஒரு முறை, எது என்று அடையாளம் தெரியும் அளவுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். மூலச் செய்தியை முழுமையாக எடுத்துப் போட்டு, கீழே "இது பொய்" என்று எழுதும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. நாளை யாராவது மேல் பாதியை மட்டும் வெட்டி அனுப்புவார்கள்.

படத்தை மறுபடி இணைக்கவே வேண்டாம். முகம் தெரியும்படி இரண்டு பேர் அதில் இருக்கிறார்கள். அவர்கள் யாராக இருந்தாலும், இன்னொரு முறை அது சுற்றினால் அடி வாங்கப்போவது அவர்கள். "படத்தின் கீழே பொய் என்று எழுதிவிட்டால் போதுமே" என்பீர்கள். ஒரு படத்தை மேலே அனுப்பும்போது அதன் கீழே உள்ள எழுத்தை ஒரு தொடுதலில் நீக்கிவிட முடியும். மறுப்பு உதிர்ந்துபோய்ப் படம் மட்டும் பயணப்படும்.

தேதியை முழுமையாக எழுதுவதும் அப்படித்தான். "நேற்று", "இன்று காலை" என்ற சொற்கள் உங்கள் குழுவில் பொருள்படும். மூன்று கை மாறிய பிறகு எந்த நாளை என்று தெரியாது. தலைப்பில் தேதி இருந்தால் அந்தச் சொற்களுக்கும் பொருள் கிடைத்துவிடும். "இன்று காலை வரை" என்ற எல்லையை நீக்கிவிட்டு "இப்படி எதுவுமே நடக்கவில்லை, நடக்காது" என்று எழுதாதீர்கள். நீங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டது அவ்வளவு அல்ல.

மன்னிப்பு ஒரே வரியாகக் கடைசியில் இருப்பதைப் பார்த்து வருந்த வேண்டாம். அது சிறியது என்பதால் அங்கே வைக்கவில்லை. நான்கு வரி மன்னிப்போடு தொடங்கினால் பேச்சு உங்களைப் பற்றியதாகிவிடும். "பரவாயில்லை அக்கா", "நல்ல எண்ணத்தில்தானே செய்தீர்கள்" என்று கைகூப்பும் படங்கள் வரிசையாக வரும். அவற்றுக்கு மேலே உங்கள் திருத்தம் கண்ணுக்குத் தெரியாமல் ஏறிப்போய்விடும். குழு நிர்வாகியிடம் சொல்லி அந்தச் செய்தியைக் குழுவின் தலையில் ஏழு நாளைக்குப் பொருத்தி வைக்கச் சொல்லுங்கள். "Pin" என்று தொட்டால் 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று கேட்கும். கணக்கெடுப்பு மாத இறுதி வரை நடக்கிறது என்றால் முப்பது நாளே சரி.

குடும்பக் குழுவுக்கு இதே செய்தியை அங்கிருந்து இங்கே அனுப்பிவிடாதீர்கள்.   நகலெடுத்து ஒட்டுங்கள்.  ஒட்டிய பிறகு "நம் குடியிருப்பு" என்பதை "எங்கள் குடியிருப்பு" என்று மாற்றிக்கொள்ளுங்கள். வேறு ஊரில் இருக்கும் அத்தைக்கு உங்கள் கணக்கெடுப்பு அலுவலகம் பொருந்தாது. ஆகவே "மற்ற இடங்களில் இருப்பவர்கள், யாராவது வந்தால் அடையாள அட்டையைக் கேட்டு, சந்தேகம் இருந்தால் அலுவலகத்தை அழைத்துப் பாருங்கள்" என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

ஆனால் குடும்பக் குழுவில் இடுவதற்கு முன்பே பெரியப்பாவை அழையுங்கள். அந்த வரிசை முக்கியம். அவர் அறியாமலே குழுவில் திருத்தம் வந்தால், அவர் அனுப்பியதை அறிந்த உறவினர்கள் எல்லாரும் அவரைத்தான் பார்ப்பார்கள். வயதில் மூத்தவருக்கு அது பொது இடத்தில் கண்டித்தது போல இருக்கும். பெரும்பாலும் அப்படிப்பட்ட நேரத்தில்தான் ஒருவர் "நெருப்பில்லாமல் புகையுமா?" என்று வதந்திக்கே வக்காலத்து வாங்கத் தொடங்குவார், தன் முகத்தைக் காத்துக்கொள்ள அவருக்கு வேறு வழி இருக்காது. அந்த வழியை நீங்கள் கொடுங்கள். "பெரியப்பா, நான் உங்களுக்குத் தவறான செய்தியைக் கொடுத்துவிட்டேன். அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் கேட்டேன், உண்மையில்லை என்றார்கள். நீங்கள் எந்தக் குழுக்களில் போட்டீர்கள் என்று சொல்ல முடியுமா? அங்கே நான் இல்லை; நீங்கள் சொன்னால்தான் கேட்பார்கள்" என்று சொல்லுங்கள். பிழை உங்களுடையதாக நிற்கிறது, திருத்தும் மரியாதை அவருக்குப் போகிறது. இது நயமான பேச்சு மட்டும் இல்லை, உண்மையும் அதுதான். அந்தக் குழுக்களில் உங்கள் பெயருக்கு மதிப்பில்லை, அவர் பெயருக்கு உண்டு.

அவர் பயன்படுத்த இன்னும் குட்டையான வடிவம் ஒன்றை எழுதிக் கொடுங்கள்: "நான் அனுப்பிய, இரண்டு பெண்கள் குழந்தைகளைக் கடத்துவதாகச் சொன்ன செய்தி தவறு. எங்கள் உறவினர் குடியிருப்பில் வீடு வீடாக வந்தவர்கள் கணக்கெடுப்பு ஊழியர்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். படத்தை அழித்துவிடுங்கள், மேலே அனுப்ப வேண்டாம்." தட்டச்சு செய்வது அவருக்குச் சிரமம் என்றால் குரல் பதிவாகச் சொல்லலாம். குரல் பதிவைப் பிறகு தேடி எடுப்பது கடினம், சிலர் திறக்கவே மாட்டார்கள். ஆனாலும் அவர் குரலை அறிந்தவர்களிடம் ஒன்றுமில்லாததைவிட அது மேல்.

அதற்கு அப்பால் உங்களால் துரத்த முடியாது. மூலச் செய்தியின் மேலே பாருங்கள். இரட்டை அம்புக்குறியும் "Forwarded many times" என்ற எழுத்தும் இருந்தால், அது உங்களிடம் வருவதற்கு முன்பே குறைந்தது ஐந்து கை மாறியிருக்கிறது. அப்படிப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்று 2020-இல் வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்ததும் இதனால்தான். குறி இருந்தால் நீங்கள் நீண்ட சங்கிலியின் நடுக் கண்ணி. உங்கள் பொறுப்பு உங்களுக்கு முன்னால் ஒருவர், உங்களுக்குப் பின்னால் நீங்கள் அறிந்தவர்கள். முன்னால் இருப்பவரை, அதாவது உங்களுக்கு இதை அனுப்பியவரை, பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அவருக்கும் திருத்தத்தைத் தனியாக அனுப்புங்கள். அவர் இன்னும் அதை நம்பிக்கொண்டிருக்கலாம், இன்று மாலை இன்னொரு குழுவுக்கு அனுப்பவும் கூடும்.

குழுவில் திருத்தம் வந்ததும் எழும் பதில்களில் ஒன்றை இப்போதே சொல்லிவிடலாம்: "எதற்கும் ஜாக்கிரதையாக இருப்பது நல்லதுதானே?" கேட்பதற்கு நியாயமாக இருக்கும், அதனால்தான் அது வதந்தியை உயிரோடு வைத்திருக்கிறது. இதற்கு ஒரு முறை பதில் எழுதுங்கள்: யார் வந்தாலும் அடையாள அட்டை கேட்பது ஜாக்கிரதை, ஒரு படத்தை வைத்து ஆளைத் தேடுவது ஜாக்கிரதை இல்லை, அதில் தவறான ஆள் மாட்டுவார். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொடர்ந்து விவாதித்தால் குழு இரண்டு கட்சியாகப் பிரியும்; நீங்கள் எழுத வந்த விஷயம் அதற்கு அடியில் போய்விடும். வாதிடுகிறவரை மாற்றுவது உங்கள் நோக்கமாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றும் பேசாமல் படித்துக்கொண்டிருக்கும் பெரும்பாலோர்தான் உங்கள் வாசகர்கள். ஒருவரைத் திருத்துவதை வேடிக்கை பார்ப்பவர்களின் எண்ணமும் மாறுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

யாருமே பதில் எழுதவில்லை என்றால் யாரும் படிக்கவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் செய்தியை அழுத்திப் பிடித்து "Info" என்பதைத் தொட்டால் யார் யார் படித்தார்கள் என்று காட்டும். நீல நிறக் குறியை அணைத்து வைத்திருப்பவர்களும் குழுச் செய்திகளில் அந்தப் பட்டியலில் தெரிவார்கள். ஒரு நாள் கழித்துப் பாருங்கள். படிக்காதவர்களில், வீட்டில் சிறு குழந்தைகள் இருப்பவர்களையும் பகலில் தனியாக இருக்கும் முதியவர்களையும் மட்டும் தொலைபேசியில் அழைத்துச் சொன்னால் போதும். கதவைத் திறக்க மறுக்கப்போவதும், பயந்து கூச்சலிடப்போவதும் பெரும்பாலும் அந்த வீடுகளில்தான்.

இனி, குழுக்களில் இல்லாதவர்கள். காவலாளியிடம் நேரில் போங்கள். அவர் செய்ததற்காக அவரைக் கடிந்துகொள்ள யாரையும் விடாதீர்கள். யாரோ சொல்லித்தான் அவர் நிறுத்தினார், அந்தச் சொல் உங்கள் செய்தியிலிருந்து புறப்பட்டது. கணக்கெடுப்பு ஊழியர்களின் அடையாள அட்டை எப்படி இருக்கும், அலுவலக எண் என்ன என்பதை ஒரு தாளில் எழுதி அவருடைய மேசையில் ஒட்டிவிடுங்கள். அடுத்த வேலை நேரத்துக்கு வரும் காவலாளிக்கும் அது பயன்படும். அவர் அந்தப் பெண்களைப் படம் எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் படம் எங்கே போயிற்று என்று கேளுங்கள். என் கவலை முழுவதும் இப்போது அதன் மேல்தான். பழைய வதந்தியோடு புதிய படம் சேர்ந்தால், "நம் வாசலுக்கே வந்துவிட்டார்கள், இதோ ஆதாரம்" என்று இன்னொரு செய்தி பிறந்துவிடும். அதில் இருப்பவர்கள் உண்மையான ஊழியர்கள். யாருக்காவது அனுப்பியிருந்தால் அவர்களிடமும் அழிக்கச் சொல்லி, கண் முன்னே அழித்ததைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கணக்கெடுப்பு அலுவலகத்துக்கும் நடந்ததைச் சொல்லுங்கள். அந்த இருவரும் வேறு தெருக்களில் இன்னும் வேலை செய்துகொண்டிருப்பார்கள். இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது என்று தெரிந்தால், தனியாக அனுப்பாமல் உள்ளூர் ஆள் ஒருவரைச் சேர்த்து அனுப்ப அவர்கள் ஏற்பாடு செய்யலாம். அவர்கள் மறுபடி எந்த நாளில் வருவார்கள் என்று கேட்டு, அதை அதே திருத்தச் செய்திக்குப் பதிலாகக் குழுவில் இடுங்கள்: "நாளை காலை வருகிறார்கள், நான் உடன் வருகிறேன்." முடிந்தால் உண்மையாகவே உடன் போங்கள்.

இதே செய்தி சில வாரங்களோ மாதங்களோ கழித்து வேறு ஊர்ப் பெயரோடு உங்கள் குழுவுக்கே திரும்பி வரக்கூடும். உங்கள் திருத்தத்தை அழுத்திப் பிடித்து நட்சத்திரக் குறி இட்டு வைத்துக்கொள்ளுங்கள். வரும்போது அதைப் புதிய செய்தியின் கீழே பதிலாக இடுங்கள். ஆனால் முதலில் அலுவலகத்தையும் காவல் நிலையத்தையும் இன்னொரு முறை அழைத்துக் கேட்டுவிட்டு, தேதியை மாற்றி எழுதுங்கள்.